தை மாத வாசிப்புக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கும் வட்டத்து நண்பர்களுக்கும்,

வணக்கம். தை மாதத்துக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலை முன்மொழிகிறேன்.

நம்மில் பல பேர் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது. அதற்குப் பணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல ஆள் உண்டு. அங்கே பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய பையன்கள் ராத்திரி படுக்கும்போது என்ன நினைத்தார்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை. எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போய்ப் பதினோரு வருஷம் இருந்தார்கள். “அங்கே மழை ஜாஸ்தி” என்பதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதை இந்த நாவலில்தான் கேட்டேன்.

சிங்காரம் நம் பக்கத்து சிங்கம்புணரிக்காரர். 1938இல் சுமத்ராவில் உள்ள மேடானுக்கு வேலைக்குப் போய், யுத்தத்தை அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாவலின் பாண்டியனும் வட்டிக்கடையில் வேலை பார்க்கப் போனவன்தான். ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைவதில் தொடங்கி, நேதாஜியின் படை வழியாகக் கதை எங்கெங்கோ போகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது சண்டை இல்லை. கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு சின்னமங்கலத்துச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் அவன் நினைத்துப் பார்க்கும் பக்கங்கள். அந்த ஏக்கத்தை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டு, மூன்றாம் முறைதான் முடித்தேன். மலாய், டச்சுச் சொற்கள் விளக்கமில்லாமல் வரும். நடக்கிற காட்சிக்கு நடுவே, வரி பிரிக்காமல், பழைய நினைவு புகுந்துவிடும். யார் பேசுகிறார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். மதுக்கடைப் பேச்சில் சங்கப் பாட்டு முதல் கம்பன் வரை இழுத்துக் கிண்டலடிப்பார்கள், மூலம் தெரியாவிட்டால் பாதி நழுவும். கொலைகள் கொடூரமானவை. பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கண் வழியாகவே வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கூட்டத்தில் அதைப் பேசியே ஆகவேண்டும். வட்டித்தொழிலைப் பற்றிய சில இடங்கள் நம்மில் சிலருக்கு உறுத்தலாம்.

“அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ சின்னதாயிற்றே” என்று யாராவது கேட்பீர்கள். சின்னதுதான், கதையும் நேராகப் போகும். ஆனால் தனியாகவே படித்துவிடலாம். இதற்குத்தான் பத்துப் பேர் சேர்ந்து உட்கார வேண்டும்.

ஒரு மாதம் போதாது; தையும் மாசியும் சேர்த்துத் தாருங்கள். முதல் ஐம்பது பக்கம் புரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். மலாய்ச் சொற்களுக்கு நான் எழுதிவைத்த பொருள் பட்டியலை நகல் எடுத்து வருகிறேன். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. பென்சில் கோடு போட்டதை ஆச்சி வைத்துக்கொள்ளலாம், எழுத்து பெரியது.

அன்புடன்,
முத்துக்கருப்பன்
காரைக்குடி