ஆண்டுச் சந்தா இருமுறை பிடிக்கப்பட்டது: ஒரு தொகையைத் திருப்பி அளிக்க வேண்டுதல்

அனுப்புநர்
சு. கோமதி,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.
கணக்கில் பதிவு செய்த கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்: 4417

பெறுநர்
கட்டணப் பிரிவு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவை மையம்.

நாள்: 12.03.2025

பொருள்: ஆண்டுச் சந்தா ரூ.1,499 யுபிஐ ஆட்டோபே வழியாகவும் டெபிட் கார்டு வழியாகவும் பெறப்பட்டது. யுபிஐ தொகையைத் திருப்பித் தருமாறு கோருதல்.
பார்வை: செயலி உரையாடலில் 07.03.2025 அன்று பதிவான புகார் எண் 2503-71846.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தாயாருக்காகத் தங்கள் ஓடிடி சேவையின் ஆண்டுச் சந்தாவை என் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன். சேவையில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. இந்த ஆண்டுப் புதுப்பிப்பில் ஒரே சந்தாவுக்கு இரண்டு முறை பணம் பெறப்பட்டிருக்கிறது. அதில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நடந்தது இது. மார்ச் 4 அன்று சந்தா புதுப்பிக்கப்பட வேண்டும். ஆட்டோபே வழியாக ரூ.1,499 எடுக்கப்படும் என்ற முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டது. ஆனால் 4ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் செயலியைத் திறந்தபோது, சந்தா முடிந்துவிட்டது, தொடர்ந்து பார்க்கப் பணம் செலுத்துங்கள் என்று திரையில் வந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தேன். பணம் எதுவும் எடுக்கப்படவில்லை. ஆட்டோபே நிறைவேறவில்லை என்றுதான் அந்தத் திரையைப் பார்க்கும் எவரும் எண்ணுவார்கள். எனவே 6032 என்று முடியும் டெபிட் கார்டில், ஓடிபி கொடுத்து, இரவு 8.52 மணிக்கு ரூ.1,499 செலுத்தினேன். உடனே சந்தா உயிர் பெற்றது. 03.03.2026 வரை செல்லும் என்று காட்டியது. ரசீதும் மின்னஞ்சலில் வந்தது.

மறுநாள் 05.03.2025 காலை 6.15 மணிக்கு அதே கணக்கிலிருந்து ஆட்டோபே வழியாக மேலும் ரூ.1,499 எடுக்கப்பட்டது. யுபிஐ பரிவர்த்தனைக் குறிப்பெண் 506406218735. முதல் முயற்சி நிறைவேறாததால் தங்கள் கட்டண அமைப்பு மறுநாள் மீண்டும் முயன்றிருக்கக் கூடும். அதற்குள் கார்டில் பணம் வந்துவிட்டதை அது கவனிக்கவில்லை. இந்தத் தொகைக்கு எனக்கு ரசீது வரவில்லை. சந்தாவின் காலமும் ஒரு நாள்கூட நீளவில்லை. செயலியில் இன்றும் 03.03.2026 என்றுதான் இருக்கிறது.

செயலி உரையாடலில் பேசிய தங்கள் ஊழியர் பொறுமையாகவே பதில் சொன்னார். தோல்வியடைந்த பரிவர்த்தனை என்றால் ஏழு வேலை நாட்களுக்குள் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பும், காத்திருங்கள் என்றார். இந்தக் கடிதத்தை நான் எழுதக் காரணமே அந்தப் பதில்தான். இது தோல்வியடைந்த பரிவர்த்தனை அன்று. பணம் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து நிறுவனத்தைச் சென்று சேராமல் நடுவில் நின்றால்தான் அது தானாகத் திரும்பும். அதற்கு ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டிலேயே கால வரம்பும் வகுத்திருக்கிறது. மார்ச் 10 அன்று என் வங்கிக் கிளைக்குச் சென்று கேட்டேன். இரண்டு பரிவர்த்தனைகளும் வெற்றி பெற்றவை, இரண்டு தொகையும் நிறுவனத்துக்குச் சென்றுவிட்டன, திரும்பி வர வேண்டியது என்று எங்கள் ஏட்டில் எதுவும் நிலுவையில் இல்லை என்று அங்கே தெளிவாகச் சொன்னார்கள். ஆகவே நான் எத்தனை நாள் காத்திருந்தாலும் இந்தப் பணம் தானாக வராது. தாங்கள் திருப்பி அனுப்பினால்தான் வரும். புகார் எண்ணைத் தோல்விப் பரிவர்த்தனை என்ற வகையில் முடித்துவிடாமல், இரட்டைக் கட்டணம் என்று மாற்றிப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் தொகையைத் திருப்புவது என்பதிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. அருள்கூர்ந்து யுபிஐ வழியாக வந்ததையே திருப்பி அனுப்புங்கள். நடப்பில் இருக்கும் சந்தா கார்டில் செலுத்திய தொகையோடு இணைந்திருக்கிறது. அதைத் திருப்பினால் சந்தா ரத்தாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். என் தாயாருக்குக் காது சற்று மந்தம். எழுத்து பெரிதாகத் தெரியும்படி வசன வரிகளை அமைத்து, பிடித்த தொடர்களையெல்லாம் அவருடைய பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறோம். அவர் தாமாகவே திறந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கப் பழகிவிட்டார். அது கலைந்தால் எங்களுக்கு ரூ.1,499ஐ விடப் பெரிய தொல்லை.

அடுத்த ஆண்டுச் சந்தாவில் வரவு வைக்கலாமா என்று உரையாடலில் கேட்கப்பட்டது. அந்த யோசனைக்கு நன்றி, ஆனால் வேண்டாம். எடுக்கப்பட்டது தாயாரின் குடும்ப ஓய்வூதியம் வந்து சேரும் கூட்டுக் கணக்கிலிருந்து. மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் அது. ஜிஎஸ்டி உட்பட முழுத் தொகையும் அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டாம் கட்டணத்துக்குத் தங்கள் பக்கத்தில் ரசீது போடப்பட்டிருந்தால் அதையும் முறைப்படி நீக்கி விடுங்கள்.

இன்னொன்று. கார்டில் செலுத்தியபோது அந்தக் கார்டும் தானியங்கிப் புதுப்பிப்பில் சேர்ந்திருப்பதைச் செயலியின் கட்டணப் பக்கத்தில் பார்த்தேன். யுபிஐ ஆட்டோபே அனுமதியும் அப்படியே இருக்கிறது. இரண்டும் இருந்தால் 2026 மார்ச்சில் இதே கதை மறுபடியும் நடக்கும். கார்டு வழிப் புதுப்பிப்பை நீக்கிவிட்டு யுபிஐ அனுமதியை மட்டும் வைத்திருங்கள். பணம் திரும்பும் முன் யுபிஐ அனுமதியை நான் ரத்து செய்தால் தங்கள் பக்கத்தில் சிக்கல் வருமோ என்றுதான் இதுவரை எதையும் தொடாமல் விட்டிருக்கிறேன்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அச்சுறுத்துவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வங்கி வழியாகவோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகவோ செல்லும் நிலை வராமல், தங்களிடமே இது முடிய வேண்டும் என்று விரும்புகிறேன். கணக்கு ஏடுகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும்.

பதிலைப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். பணம் திரும்பத் தருவதாகச் சொல்லி ஓடிபியும் பின் எண்ணும் கேட்டு ஏமாற்றும் அழைப்புகள் பெருகிவிட்டன. அதனால் இந்த விஷயமாகத் தொலைபேசியில் யாரிடமும் விவரம் தருவதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். தொகையை அனுப்பியதும் அதன் குறிப்பெண்ணையும் மின்னஞ்சலில் தெரிவித்தால் வங்கியில் சரிபார்த்துக்கொள்வேன்.

தங்கள் உதவிக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. கோமதி

இணைப்பு: மார்ச் 3 முதல் 10 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை (தொடர்பில்லாத பதிவுகள் மறைக்கப்பட்டவை), கார்டு கட்டணத்துக்கான ரசீது, ஆட்டோபே முன்னறிவிப்பு, பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தி ஆகியவற்றின் திரைப்படிகள், சந்தா முடியும் தேதியைக் காட்டும் செயலிப் பக்கம்.