கேமிங் லேப்டாப்பைத் தொழில் செலவில் காட்டுவது பற்றி

ஆடிட்டர் அண்ணாவுக்கு வணக்கங்க,

நவம்பர் 12ஆம் தேதி 1,18,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். பில்லில் 'கேமிங்' என்று இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். கோபியில் எடுத்த கல்யாண வீடியோவுக்குப் பழைய மெஷினில் 4கே ரெண்டர் போட்டால் விடிய விடிய ஓடி 90 சதவீதத்தில் நின்றுவிடும். இதில் கிராபிக்ஸ் கார்டு இருப்பதால் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பி இதில் விளையாடுவான், அந்தப் பங்கைக் கழித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், மார்ச் 31க்குள் 180 நாள் ஆகாததால் இந்த வருசம் 20தான், சரி. ஆனால் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் முறையில் போனால் தேய்மானம் தனியாகக் கிடைக்காதே, எது நமக்குத் தோதுப்படும் என்று பார்த்துச் சொல்லுங்கண்ணா. பில்லும் பேங்க் ஸ்டேட்மென்டும் இத்துடன் இருக்கின்றன.

பெருந்துறை வீடியோ எடிட்டர் தம்பி