முழங்கால் தேய்மானத்துக்கான 12 வார உடற்பயிற்சித் திட்டம்

அண்ணன், இது உங்களுக்கென்றே எழுதியது. வேறொருவருக்கு மூட்டுவலி என்றால் இதைக் கொடுத்துவிட வேண்டாம், அவரை நேரில் வரச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முதல் தடவை அண்ணியும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

உங்கள் நிலை இது. வயது 56, எடை 82 கிலோ. வலது முழங்காலில் தேய்மானம் நடுத்தரம், இடதில் கொஞ்சம். கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து 9 தடவை எழுந்தீர்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ரப்பர் பால் வெட்டு, அதுவும் குலசேகரம் பக்கத்துச் சரிவில்.

"எலும்பு தேய்ந்துபோச்சு, இனி காலை அசைக்காமல் இருந்தால்தானே நல்லது?" என்று கேட்டீர்கள். இல்லை அண்ணன். குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது. காலைச் சும்மா வைத்தால் தொடைத் தசை மெலியும், தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டிலேயே இறங்கும். உங்கள் வலது தொடை இடதைவிட மெலிந்திருப்பதை அளந்து காட்டினேனே, நாம் சரிசெய்யப்போவது அதைத்தான். எக்ஸ்ரே படத்தை இந்தப் பயிற்சி மாற்றாது. ஆனால் வலியும் நடையும் மாறும். படத்தில் தேய்மானம் அதிகம் இருந்தும் நன்றாக நடக்கிறவர்கள் நிறைய பேர்.

வலியை எப்படிப் பார்ப்பது

மொத்தத் திட்டமும் இதன்மேல்தான் நிற்கிறது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சியின்போது 2 வரை இருந்தால் பயமில்லாமல் செய்யுங்கள். 3 முதல் 5 வரை இருந்தாலும் செய்யலாம், எண்ணிக்கையையோ எடையையோ மட்டும் கூட்ட வேண்டாம். 5-ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதைவிட முக்கியம் மறுநாள் காலை. வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் செய்த அளவு சரி. காலையில் வழக்கத்தைவிட இறுக்கமோ வீக்கமோ இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அடியோடு விட்டுவிடாதீர்கள்.

சுவர்க் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் மூன்று எண்கள் எழுதினால் போதும்: பயிற்சிக்கு முன், பயிற்சியின்போது, மறுநாள் காலை. 3–4–3 என்று இருந்தால் நல்லது. 3–4–6 என்றால் அடுத்த முறை குறைக்க வேண்டும்.

பலப் பயிற்சி: வெட்டு இல்லாத நாட்களில், வாரம் 3 முறை

முதலில் முற்றத்தில் 5 நிமிடம் நடந்து காலைச் சூடாக்குங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கைவைத்த மரநாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். தொடக்கத்தில் மேலே கனமான தலையணை போட்டு உயரம் கூட்டிக்கொள்ளுங்கள். பாதம் இடுப்பளவு அகலத்தில், கைகள் மார்பின் குறுக்கே. மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது மனதுக்குள் 1, 2, 3 எண்ணி மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு. இடது காலில் பாரத்தை ஒதுக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அதனால் அண்ணி முன்னால் நின்று இடுப்பு நேராக எழுகிறதா என்று பார்க்கட்டும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலைப் பார்த்து நிற்க வேண்டும். 8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. பிறகு 12 தடவை வீதம் மூன்று சுற்று. அதுவும் எளிதானதும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கட்டிலோரம் உட்கார்ந்து, 1 கிலோ மணல் நிரப்பிய துணிப்பையைக் கணுக்காலில் கட்டி, காலை நீட்டி 5 வரை எண்ணிப் பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10, இரண்டு சுற்று. கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 10. கதவு நிலையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 12, காலைப் பக்கவாட்டில் தூக்குவது 10. நான்காம் வாரத்திலிருந்து வராந்தாவின் கீழ்ப்படியில் வலது காலால் ஏறி இறங்குவது 8.

ஒவ்வொரு சுற்று முடியும்போதும் "இன்னும் இரண்டு செய்யலாம்" என்று தோன்ற வேண்டும். "இன்னும் ஐந்து" என்று தோன்றினால் கூட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

இந்த நாட்களிலேயே சாயங்காலம் சானல் கரையில் சமமான இடமாகப் பார்த்து 15 நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30-இல் நிறுத்தலாம். மழையென்றால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

வெட்டு நாளில்

பலப் பயிற்சி வேண்டாம், சரிவே போதும். எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடி காலை 20 தடவை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் மூட்டைக் கெடுப்பது மரம் வெட்டுவதல்ல. தாழ்ந்த பட்டைக்காகக் குத்தவைப்பதும், நிறைந்த வாளியோடு சரிவில் இறங்குவதும்தான். தாழ்ந்த வெட்டுள்ள மரங்களில் குட்டையான முக்காலியைப் பயன்படுத்துங்கள். அந்த மரங்களை வரிசையாக முடிக்காமல் நிமிர்ந்து வெட்டும் மரங்களுக்கு நடுவே பிரித்துவிடுங்கள். பால் எடுக்கும்போது ஒரே வாளியை நிறைக்காமல் இரண்டு கையிலும் அரை வாளி. இறங்கும்போது நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன எட்டு வையுங்கள். வெறுங்கையோடு நடக்கையில் கம்பு இடது கையில், அதாவது வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். படியில் ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்.

மாசியில் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும்போது பயிற்சியையும் நிறுத்திவிடுவீர்களோ என்றுதான் எனக்குக் கவலை. பலம் கூட்ட அதைவிட நல்ல காலம் இல்லை.

சிவாலய ஓட்டம் போகலாமா என்று கேட்டீர்கள். 12 கோவிலையும் காலால் சுற்றுவது இந்த வருடம் வேண்டாம். நூறு கிலோமீட்டர் அளவு தார்ச்சாலையை இந்த மூட்டு இப்போது தாங்காது. வண்டியில் போங்கள். திருநட்டாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் இறங்கி நடந்து கும்பிடுங்கள். அடுத்த வருடத்தைப் பற்றி உங்கள் காலைப் பார்த்துப் பேசுவோம்.

எடையும் மருந்தும்

1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். மூன்று மாதத்தில் 4 கிலோ குறைத்தால் போதும். மீனை விட வேண்டாம். ராத்திரி மரச்சீனியைப் பாதியாக்கி, சாயங்காலப் பழம்பொரியை நிறுத்திப் பாருங்கள்.

உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலிமாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அது பிரஷரையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் எழுதிய களிம்பைத் தடவுங்கள்.

எப்போது உடனே வர வேண்டும்

மூட்டு சிவந்து சூடாகி வீங்கினால், கூடவே காய்ச்சல் இருந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், கால் மடக்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டால், விழுந்தபின் ஊன்ற முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் மூன்று வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், தசைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். ஆறாவது வாரம் காலண்டர் தாள்களோடு வாருங்கள். மறுபடி அரை நிமிடம் எழுந்து உட்காரச் சொல்லி எண்ணுவேன். 12 வந்தால் மணல் பையை 2 கிலோ ஆக்குவோம். வராவிட்டால் தாளில் இருக்கும் எண்களைப் பார்த்து எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.