அடுத்த மூன்று ஸ்பிரிண்டுகளில் 18 நாள் ஒதுக்குவது பற்றி

ஐயா, வணக்கம்.

"நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன், பாதி நேரம் பழையதையே நோண்டிக்கிட்டு இருந்தா எப்படி?" என்று திங்கட்கிழமை கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கணக்கிலேயே இருக்கிறது.

ஒரு ஸ்பிரிண்ட் என்பது இரண்டு வாரம். நாலு பேருக்குப் பத்து வேலை நாள் என்றால் 40 ஆள்நாள். விடுப்பு, கூட்டம், உங்கள் கணக்கர்களின் சந்தேகங்கள் என்று 8 போய்விடும். மிச்சம் 32. அந்த 32-ஐயும் புது வேலைக்கு என்று சொல்லித்தான் இதுவரை உங்களுக்குத் தேதி கொடுத்தோம். தப்பு எங்கள் பக்கம்தான். கடந்த மூன்று ஸ்பிரிண்டில் திடீர் பக்குகள் 10, 12, 9 நாட்களைத் தின்றுவிட்டன. புது வேலைக்கு உண்மையில் கிடைத்தது சராசரியாக 22 நாளுக்குள்தான். தேதி தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பக்கை மட்டும் உடைத்துக் காட்டுகிறேன். பாலக்காட்டு வியாபாரி திருப்பி அனுப்பிய கொப்பரைக்குப் போட்ட கிரெடிட் நோட்டில் ஐ.ஜி.எஸ்.டி. வருவதற்குப் பதில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் விழுந்திருந்தன. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. இதைப் பார்த்து வரியைப் பிரிக்கும் கணக்கு நம் மென்பொருளில் நாலு இடத்தில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது: பில், கிரெடிட் நோட், இ-வே பில், மாதாந்திர ரிப்போர்ட். ஆரம்பத்தில் அவசரத்துக்கு நகலெடுத்து ஒட்டியது. பில்லில் செய்த திருத்தம் கிரெடிட் நோட்டுக்குப் போகவில்லை. சரிசெய்ய 40 நிமிடம். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். அந்த 31 பக் நாட்களில் 14 நாள் இந்த நாலு இடக் கணக்கால் வந்தவை. தொழில்நுட்பக் கடன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எடைமேடையை முத்திரைக்காக நிறுத்தும் அரை நாளில் லோடு போகாது. அதற்காக முத்திரையைத் தள்ளிப்போட மாட்டீர்கள்.

எனவே அடுத்த மூன்று ஸ்பிரிண்டுக்கு, ஒவ்வொன்றிலும்: புது வேலைக்கு 17 நாள், பக்குகளுக்கு 9, கடன் அடைக்க 6.

கடனுக்கான மொத்தம் 18 நாள். வரிக் கணக்கை ஒரே இடத்துக்குக் கொண்டுவர 7. உங்கள் பழைய பில்களில் 40-ஐ எடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தொகை சரியாக வருகிறதா என்று தானாகச் சோதிக்க 5. இ-வே பில் தளம் பதில் தராதபோது கோரிக்கையை வரிசையில் வைத்துத் திரும்ப அனுப்ப 6. இப்போது பையன்கள் பட்டனை மறுபடி அழுத்துவதால் சில சமயம் ஒரே லோடுக்கு இரண்டு பில் விழுகிறது. ஒன்றை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். அதுவரை கோபாலபுரம் வழியாகப் போக வேண்டிய லாரி களத்திலேயே நிற்கிறது.

பழைய ஸ்டாக் ஸ்கிரீனைத் தொடப்போவதில்லை. அதன் உள்ளே அலங்கோலம்தான், ஆனால் இரண்டு வருடமாக யாரும் அதில் மாற்றம் கேட்கவில்லை. வட்டி கேட்காத கடனை அடைக்க அவசரம் இல்லை.

இனி, நீங்கள் விட்டுக்கொடுப்பது என்ன? தரகர்களுக்கான ஆப் 34 நாள் வேலை, லாரி நிலவரத் திரை 20 நாள். ஆப் இரண்டாவது ஸ்பிரிண்ட் முடிவில் வரும். இப்போதைய வேகத்திலும் அப்போதுதான் வரும். லாரித் திரை இப்போதைய வேகத்தில் மூன்றாவதில் முடியும், ஒதுக்கினால் நாலாவதுக்குப் போகும். இழப்பு இரண்டு வாரம். அதிலுள்ள புகைப்படம் சேர்க்கும் வசதி 3 நாள் வேலை. அதை விட்டுவிட்டால் அந்தத் தாமதமும் இல்லை.

பக்குகளுக்கு ஒரு வரைமுறை தேவை. பில் போட முடியவில்லை, வரி தப்பு, லாரி நிற்கிறது என்றால் அன்றே கையில் எடுப்போம். மாற்றுவழி இருந்தால் அந்த ஸ்பிரிண்டுக்குள். எழுத்துப்பிழை, நிறம் போன்றவை வரிசையில் காத்திருக்கும். 9 நாளில் மிச்சம் விழுந்தால் அது கடன் பட்டியலுக்குத்தான் போகும்; "நேரம் இருக்கே, இதையும் சேர்த்துடுங்க" என்று அந்த நாட்களில் புது வேலை திணித்தால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும். 9-ஐத் தாண்டினால், எந்தப் புது வேலையை நிறுத்துவது என்று அன்றே உங்களிடம் கேட்போம்.

ஸ்பிரிண்ட் முடியும் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு எண் அனுப்புகிறோம்: பக்குகளுக்குப் போன நாட்கள், வரிக் கணக்கால் வந்த பக்குகள். மூன்றாவது ஸ்பிரிண்ட் முடிவில் முதல் எண் 9-க்குக் கீழே இறங்காவிட்டால், இந்த ஒதுக்கீட்டைத் தொடரச் சொல்லிக் கேட்க மாட்டோம்.

புதன்கிழமைக்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: புகைப்பட வசதி வேண்டுமா, வேண்டாமா? வியாழன் காலை திட்டக் கூட்டம்.

இப்படிக்கு,
மென்பொருள் குழு, பொள்ளாச்சி