மும்பை தமிழ் வீடுகளுக்கு: ஸ்கூல் டப்பா, நாலு நாளுக்கு

ஸ்லைடு 1
பஸ் 6.40-க்கு. டப்பா ரெடியா?
நம்ம ஊர் ருசி. மாட்டுங்கா வரை அலைய வேண்டாம், வாசலில் வரும் பாஜிவாலாவிடமும் பக்கத்துக் கிரானா கடையிலும் கிடைக்கிற சாமான்தான். காலையில் அதிகம் போனால் 20 நிமிடம்.

ஸ்லைடு 2
முதலில் மூடியைக் கவனிங்க
சின்ன பிரேக் பத்து நிமிடம். கை கழுவணும், அரட்டை அடிக்கணும், சாப்பிடணும். அதனால் எடுத்துக் கடிக்கிற மாதிரி சின்னத் துண்டுகளாக வைங்க. சூட்டோடு மூடாதீங்க. மூடியில் முத்து முத்தாக வேர்த்து, அது தோசை மேல் சொட்டி, பிள்ளை திறக்கும்போது சொதசொதவென்று கிடக்கும். டப்பா நிறையத் திரும்பி வருவதற்குப் பாதி நாள் காரணம் இதுதான். ஃபேனுக்கு அடியில் 5 நிமிடம் ஆறட்டும்.

ஸ்லைடு 3
திங்கள்: நாச்னி தோசைச் சுருள்
இரவு 5 நிமிடம், காலை 15
கேழ்வரகுக்கு இங்கே நாச்னி என்று பெயர். அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம் இதில். இட்லி மாவு 2 கப்பில் நாச்னி மாவு அரை கப், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைங்க. காலையில் மெல்லிசாக ஊற்றி, இட்லி மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, துருவிய பனீர் தூவிச் சுருட்டி மூன்றாக வெட்டுங்க.
மாற்று: பனீருக்கு மசித்த உருளை. நாச்னி தீர்ந்துவிட்டால் ஜோவார் மாவு.
தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் ஊசிப்போகும்.

ஸ்லைடு 4
செவ்வாய்: முளைப்பயறு பணியாரம்
காலை 20 நிமிடம்
முளைகட்டிய மூங் பாஜிவாலாவிடமே கிடைக்கும். ஒரு கைப்பிடியை வேகவைத்து, துருவிய கேரட்டோடு இட்லி மாவில் கலந்து குழியில் ஊற்றுங்க.
மாற்று: மூங்குக்கு மட்கி. பணியாரக் கல் இல்லையா, குட்டி ஊத்தப்பம்.

ஸ்லைடு 5
புதன்: மேத்தி சப்பாத்தி
இரவு 10 நிமிடம், காலை 15
கோதுமை மாவு 2 கப், கடலை மாவு 2 ஸ்பூன், நறுக்கிய வெந்தயக்கீரை. தண்ணீரைக் குறைத்துத் தயிர் விட்டுப் பிசைந்தால் ஆறினாலும் மெத்தென்று இருக்கும். இரவே பிசைந்தால் ஃப்ரிட்ஜில் வைங்க.
மாற்று: கசப்பு பிடிக்காத பிள்ளைக்குத் துருவிப் பிழிந்த சுரைக்காய், இங்கத்து தூதி. கண்ணுக்கே தெரியாது.

ஸ்லைடு 6
வியாழன்: தயிர் சாதம்
10 நிமிடம்
குழைந்த சாதத்தில் முக்கால் பங்கு பால், ஒரே ஒரு ஸ்பூன் தயிர். பிரேக்குக்குள் அளவாகத் தோயும், புளிக்காது. மேலே மாதுளை.
மாற்று: சாதத்துக்கு ஊறவைத்த கெட்டி அவல். மாதுளைக்குத் துருவிய கேரட்.

ஸ்லைடு 7
வெள்ளி உங்க பிள்ளை கேட்கிறது! கூட ஒரு சின்ன டப்பாவில் பழம்.
நிலக்கடலை, முந்திரி வைக்கும் முன் ஸ்கூலில் கேட்டுக்கோங்க. வகுப்பில் யாருக்காவது ஒத்துக்காமல் இருக்கலாம். அந்த இடத்தில் பொட்டுக்கடலை போடுங்க.