பொறுப்பு ஒப்படைப்பு: அண்ணா நகர்க் கடை, சப்ளையர்கள், அன்றாட வேலைகள், நிலுவையில் இருப்பவை

அன்புள்ள தம்பி கார்த்திக்,

வணக்கம். 31ஆம் தேதி இரவு கணக்கு முடித்ததும் சாவியை உங்களிடம் கொடுத்துவிடுவேன். மூன்று நாளாகக் கூடவே நின்று பார்த்தீர்கள். ஆனாலும் வாயால் சொன்னது கூட்ட நேரத்தில் மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். போன் எண்கள் எல்லாம் கடை போனில் "சப்ளை" என்று தொடங்கும் பெயர்களில் இருக்கின்றன.

முதலில் மாவு. நம் கடைக்குக் காலையில் வருகிற கூட்டம் இட்லிக்காக வருகிற கூட்டம். பங்குனி வெயில் ஏறிவிட்டது. மார்கழியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அரைத்தோம். இப்போது இரவு எட்டுக்கு முன் அரைக்க விடாதீர்கள். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கல் சூடேறினால் மாவு பொங்காது. அரைத்து முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு உளுந்து மாவைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி, அடியில் போனால் இன்னும் ஐந்து நிமிஷம் ஓட வேண்டும். விடியற்காலை அண்டா மூடியைத் திறந்ததும் புளிப்பு மூக்கில் ஏறினால் அது இட்லிக்கு ஆகாது, ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் தள்ளிவிடுங்கள். "ஒரு நாள்தானே சார்" என்று மாஸ்டர் சொல்வார். விடாதீர்கள்.

4.15க்குக் கடை திறக்க வேண்டும். 4.30க்கு ஆவின் முகவர் பால் இறக்குவார். பாக்கெட்டை எண்ணி, ஓட்டை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் மாற்றித் தர மாட்டார். 5.45க்கு முதல் ஈடு இட்லி இறங்க வேண்டும். முதல் தட்டையும் முதல் கரண்டி சாம்பாரையும் நீங்கள் சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கப்புறம்தான் ஷட்டர்.

காய்கறி பரவை மார்க்கெட்டிலிருந்து ஐந்து மணிக்கு வண்டியில் வரும். பணம் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை. சின்ன வெங்காயம் மட்டும் திண்டுக்கல்லிலிருந்து தனியாக வருகிறது. மூட்டையின் மேலே நல்லதாக இருக்கும்; கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், ஈரம் பட்டால் எடை போடாமலே அனுப்பிவிடலாம். மளிகை கீழமாசி வீதி மொத்தக் கடையில். 15 நாள் கடன், 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் கணக்குத் தீர்க்கிறோம். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தள்ளிப் போட்டதில்லை. அதனால்தான் உளுந்து விலை ஏறுகிற மாதத்திலும் நமக்குப் பழைய விலையில் இரண்டு மூட்டை எடுத்து வைக்கிறார்கள். அந்த இரண்டு தேதியை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள்.

இலை சோழவந்தான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கொண்டுவருகிறார். கட்டுக்கு 100 இலை. அவருக்கு அன்றன்றைக்கே காசு கொடுத்துவிட வேண்டும், பாக்கி வைக்கவே கூடாது. தோட்டத்துக்குக் காசு கட்டித்தான் அவர் அறுத்து வருகிறார். முகூர்த்த நாளில் விலை இரண்டு மடங்காகும், இலையும் கிடைக்காது. காலண்டரில் முகூர்த்தங்களைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டால் எப்படியும் கொண்டுவந்துவிடுவார்.

19 கிலோ சிலிண்டர் எப்போதும் நான்கு நிரம்பியிருக்க வேண்டும். இரண்டுக்கு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். பொரித்த எண்ணெயைப் பதிவு பெற்ற சேகரிப்பாளர் புதன்கிழமை வந்து எடுத்துப் போவார், ரசீது வாங்கிப் பச்சை ஃபைலில் வையுங்கள். இரவில் தள்ளுவண்டிக்காரர்கள் கூடுதல் விலைக்குக் கேட்பார்கள். தரவே தராதீர்கள், அது மறுபடி யாரோ ஒரு குழந்தையின் பஜ்ஜிக்குப் போகும்.

இனி நிலுவையில் இருப்பவை.

இரண்டாம் நம்பர் கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது. மாவு நறநறவென்று வருகிறது. கல் கொத்துகிறவர் 3ஆம் தேதி மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தி முடித்ததும் பழைய அரிசியைப் போட்டு இரண்டு முறை அரைத்துக் கொட்டிவிட்டு, கழுவிய பிறகே மாவுக்கு விடுங்கள்.

புகைபோக்கி அவசரம். மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார், அவர் சொல்வது நியாயம்தான். குழாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது. அது தீப்பிடிக்கிற விஷயம். சுத்தம் செய்ய 9,500 ரூபாய் கேட்கிறார்கள். முதலாளி சரி சொல்லிவிட்டார், ஆள் வர வேண்டிய நாளை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். திருவிழாவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மின்னணுத் தராசு இரண்டுக்கும் ஆண்டு முத்திரை அடுத்த மாதம் முடிகிறது. தண்ணீர்ப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தாயிற்று, அறிக்கை கடை மெயிலுக்கு வரும். சமையல் ஆட்களின் மருத்துவச் சான்றிதழில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுடையது பாக்கி.

ஒரு டெலிவரி செயலியிலிருந்து பிப்ரவரி கணக்கில் 8,460 ரூபாய் குறைவாக வந்திருக்கிறது. நாம் ரத்து செய்யாத ஆர்டர்களை ரத்து என்று பிடித்திருக்கிறார்கள். பில் நகல்களோடு இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. அதே தொடரிலேயே மூன்றாவது மெயில் போடுங்கள், புதிதாகத் தொடங்கினால் முதலிலிருந்து கேட்பார்கள்.

ஏப்ரல் 12ஆம் தேதி வளைகாப்பு ஆர்டர், 150 பேர். முன்பணம் 6,000 வாங்கியாயிற்று. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் நிச்சயம். தேங்காய் சாதமா தக்காளி சாதமா என்று 8ஆம் தேதிக்குள் சொல்வதாகச் சொன்னார்கள், சொல்லாவிட்டால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பரோட்டா மாஸ்டருக்கு 15,000 முன்பணம் கொடுத்தது. மாதம் 2,500 பிடிக்கிறோம், இன்னும் நான்கு மாதம். அதைச் சம்பளக் கவரில் எழுதிக் கொடுங்கள், மற்றவர்கள் முன் வாயால் சொல்ல வேண்டாம். பாத்திரம் கழுவும் செல்வி அக்கா மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முடியும்வரை அக்காவை இரவு எட்டுக்கே அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

அப்புறம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் முதல் நாளும் வைகையைத் தாண்டி வண்டி வராது. மளிகை தென்கரையிலிருந்து வர வேண்டும் என்பதால் இரண்டு நாள் முன்பே இறக்கிவிடுங்கள். போன வருஷம் நான் பாலைக் குறைத்து எடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்குக் காபி இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. ராத்திரி முழுக்க நடந்து வந்த ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அது இன்னும் மனசில் இருக்கிறது. இந்த முறை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு பாலுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், 20ஆம் தேதி முகவரிடம் ஒரு தடவை உறுதி செய்யுங்கள். வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது நம் கடை வழக்கம்.

காலை 7.15க்கு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மூன்றாம் மேஜைக்கு வருவார். இரண்டு இட்லி, காரமில்லாத சட்னி, காபியில் சர்க்கரை இல்லை. மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பார். அவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் பையனை விட்டு வீட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள், தனியாக இருக்கிறார். வீடு எது என்று டீ மாஸ்டருக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் போனாலும் என் எண் அதேதான். மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். கல்லாப்பெட்டி இரண்டாம் சாவி முதலாளி வீட்டில் இருக்கிறது, 1ஆம் தேதி காலை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சண்முகம்
மேலாளர், அண்ணா நகர்க் கடை, மதுரை