பந்தியிலும் பேச்சிலும் அகிம்சை

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் ஜெய் ஜினேந்திரா.

இன்று நம் சமணத் திருநாளான தசலட்சணப் பருவத்தின் முதல் நாள், உத்தம க்ஷமைக்குரிய, அதாவது மேலான மன்னிப்புக்குரிய நாள். அதனால் சாப்பாட்டையும் பேச்சையும் சேர்த்தே பேசுகிறேன்.

என் பாட்டி துணியை இரண்டாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் வடிகட்டுவார். அதோடு விடமாட்டார். துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் ஊற்றி அலசி, அந்த நீரை இறைத்த கிணற்றிலேயே மெதுவாக இறக்கிவிடுவார். துணியில் தங்கிய உயிர்கள் தாம் பிறந்த நீருக்கே திரும்பிப் போக வேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் பிழைக்காது என்பார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அவ்வளவு மெனக்கெடல்! தேனை விலக்குவதும், கிழங்கைத் தவிர்ப்பதும், பொழுது சாயுமுன் சாப்பிடுவதும் அதே கரிசனத்தில் வந்தவைதான்.

ஆனால் இந்த விதிகளை வைத்தே ஒருவரை ஒருவர் குத்துகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். மருமகள் சாம்பாரில் வெங்காயம் போட்டுவிட்டாள். உடனே நாலு பேர் முன்னால், "உங்க வீட்டுல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?" அந்தப் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறாள். விடுதியில் தங்கிப் படிக்கும் பையன், இரவில்தான் சாப்பாடு கிடைக்கிறது என்று நம்பிச் சொல்கிறான். மறுநாள் அது சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஓடுகிறது. மறைவில் நடந்ததை, நம்பிச் சொன்னதை வெளியில் பரப்புவதைச் சத்திய விரதத்தின் குற்றங்களில் ஒன்றாகவே நம் சமய நூலான தத்துவார்த்த சூத்திரம் வைத்திருக்கிறது. நாம் அதைக் குற்றமாக நினைப்பதே இல்லை.

கவனமின்மையாலும் ஆசை, கோபம், செருக்கு இவற்றாலும் உயிரை வருத்துவதே ஹிம்சை என்கிறது அந்த நூல். செருக்கோடு சொன்ன சொல் தர்மத்தைப் பற்றியதாக இருந்தாலும் ஹிம்சைதான். வெங்காயம் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, வயிறு நிறைந்த பிறகு சொல்லலாமே.

இன்னொன்று. அகிம்சை விரதத்துக்குச் சொன்ன ஐந்து குற்றங்களில் கட்டுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது இவற்றோடு, உணவையும் நீரையும் தடுப்பதும் உண்டு. உழவு மாடு வைத்திருந்த நம் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கும். இன்று மாடு குறைந்துவிட்டது, வேலையாட்கள் இருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் நாம் சாப்பிட வேண்டும் என்று சமையல்காரரை விரட்டுகிறோம். நாம் கை கழுவிய பிறகும் அவர் பசியோடு அண்டா தேய்க்கிறார்.

நாளை மாலைப் பந்தி ஐந்து மணிக்கு. நாலரைக்கே சமையல்காரர்களும் பாத்திரம் கழுவும் அம்மாக்களும் முதலில் உட்காரட்டும். அவர்களுக்குப் பரிமாற ஆறு பேர் வேண்டும். வருகிற பிள்ளைகள் இப்போதே என்னிடம் பெயர் கொடுங்கள்.